கேஷை அழிக்கலாம், டேட்டாவை அழிக்கும் முன் ஒரு நிமிடம்

கேம் திறக்க மறுக்கிறது. கம்பெனி லோகோ வருகிறது, கீழே கோடு பாதி வரை ஓடுகிறது, அங்கேயே நின்றுவிடுகிறது. பக்கத்தில் இருப்பவர் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "கேஷ், டேட்டா ரெண்டையும் கிளியர் பண்ணிட்டுத் திற, சரியாயிடும்" என்கிறார். செல்போன் கடையிலும் இதே பேச்சு. யூடியூப் வீடியோக்களிலும் இதே பேச்சு. இரண்டு சொற்களும் இரட்டைப் பிறவிகள்போல எப்போதும் சேர்ந்தே வருவதால், இரண்டும் ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்பவை என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். கேம் சரியாகத்தான் ஆகிறது. ஆனால் முந்நூறாவது லெவலில் நின்றிருந்த பிள்ளை மறுபடி முதல் லெவலில் நிற்கிறான்.

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் ஆப்ஸ் பட்டியலைத் திறந்து, கேமின் பெயரைத் தொட்டு, அதன் சேமிப்பிடப் பக்கத்துக்குப் போனால் அந்த இரண்டு பட்டன்களும் அருகருகே இருக்கும். ஒன்று `Clear cache`. இன்னொன்று சில போன்களில் `Clear data`, வேறு சில போன்களில் `Clear storage`. பெயர் மாறினாலும் இந்த இரண்டாவது பட்டனின் வேலை ஒன்றுதான். முதல் பட்டனைத் தொட்டால் எந்தக் கேள்வியும் இல்லாமல் வேலை முடிந்துவிடும். இரண்டாவதைத் தொட்டால் மட்டும், எல்லாம் நிரந்தரமாக அழிந்துவிடும், சம்மதமா என்று போன் ஒருமுறை கேட்கும். அவசரத்தில் இருப்பவர் அதைப் படிப்பதில்லை. இரண்டு பட்டன்களுக்கும் உள்ள வித்தியாசத்தைப் போன் உங்களுக்குச் சொல்வது அந்த ஒரே ஓர் இடத்தில்தான்.

போனுக்குள் ஒரு கேம் எங்கெங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தால் இந்தக் குழப்பம் தெளிந்துவிடும். பிளே ஸ்டோரிலிருந்து இறங்கும் கேம் என்பது ஒரு பகுதி. அதை விளையாடுபவர் யாராக இருந்தாலும் அது ஒன்றுபோலவே இருக்கும். உங்கள் போனில் இருப்பதும் பக்கத்து வீட்டுப் போனில் இருப்பதும் ஒன்றே. நீங்கள் விளையாட ஆரம்பித்த பிறகு உருவாகும் எல்லாம் இன்னொரு பகுதி. இதற்காக ஆண்ட்ராய்டு ஒவ்வொரு கேமுக்கும் தனி ஃபோல்டர் ஒதுக்கித் தருகிறது. மற்ற ஆப்கள் அதற்குள் எட்டிப் பார்க்க முடியாது. அந்த ஃபோல்டருக்குள் இருக்கும் சில முக்கியமான அறைகளின் பெயர்கள் இவை:

```
files
databases
shared_prefs
cache
code_cache
```

இவற்றில் கடைசி இரண்டுதான் கேஷ். இணையத்திலிருந்து எடுத்த படங்கள், நண்பர்களின் முகப்புப் படங்கள், காட்டுவதற்காக முன்கூட்டியே இறக்கி வைத்த விளம்பர வீடியோக்கள், வேகத்துக்காகச் செய்து வைத்த தற்காலிகக் கோப்புகள் போன்றவை அங்கே கிடக்கும். மறுபடி தேவைப்பட்டால் மறுபடி செய்துகொள்ளலாம், அல்லது இறக்கிக்கொள்ளலாம் என்ற வகைச் சரக்கு அது. போனில் இடம் குறைந்தால் ஆண்ட்ராய்டே, யாரையும் கேட்காமல், இந்தக் கேஷைத் துடைத்துவிடும் உரிமை உடையது. கேம் எழுதுபவர்களுக்கும் இது தெரியும். ஆகவே எப்போது வேண்டுமானாலும் காணாமல் போகக்கூடிய இடத்தில் யாரும் லெவலை எழுதி வைக்க மாட்டார்கள். `Clear cache` பட்டனை அச்சமில்லாமல் தொடலாம் என்று சொல்வதற்கு அடிப்படை இதுதான். போன் தானாகவே செய்கிற ஒரு வேலையை நீங்கள் கொஞ்சம் முன்னதாகச் செய்கிறீர்கள், அவ்வளவே. அடுத்த முறை கேம் திறக்கச் சற்று நேரம் பிடிக்கும், படங்கள் ஒவ்வொன்றாக வந்து நிரம்பும். காசுகள், லெவல்கள், லாகின், ஒலி அளவு எல்லாம் இருந்தபடி இருக்கும்.

மற்ற அறைகளில்தான் உங்கள் உழைப்பு இருக்கிறது. யூனிட்டி என்ற மென்பொருளில் செய்த கேம்கள் ஏராளம். அவற்றில் பல, சின்னச் சின்ன விவரங்களை `shared_prefs` அறைக்குள் `playerprefs.xml` என்று முடியும் ஒரு கோப்பில் எழுதுகின்றன. எத்தனையாவது லெவல், எத்தனை காசு, இசை ஓடவேண்டுமா வேண்டாமா என்பவை அதில் வரிவரியாக இருக்கும். பெரிய சேமிப்புக் கோப்புகளையும், கேம் திறந்தபின் தனியாக இறங்கும் மேப், குரல் முதலியவற்றையும் பெரும்பாலும் `Android/data` என்ற ஃபோல்டரில் கேமின் பெயருக்குக் கீழே வைப்பார்கள். `Clear data` இவை அத்தனையையும் துடைக்கிறது. கேஷும் சேர்ந்தே போகிறது. ஆகவே டேட்டாவை அழித்தவர் கேஷைத் தனியாக அழிக்க வேண்டிய வேலையே இல்லை. "ரெண்டையும் கிளியர் பண்ணு" என்ற யோசனை அந்த வகையிலும் அர்த்தமற்றது.

அழிவது கோப்புகள் மட்டும் என்றும் எண்ண வேண்டாம். கேமுக்கு நீங்கள் கொடுத்திருந்த மைக், கேமரா போன்ற அனுமதிகள் திரும்பப் பெறப்படும். லாகின் போய்விடும். மேலே தொங்கிக்கொண்டிருந்த நோட்டிஃபிகேஷன்கள் மறையும். மிஞ்சுவது பிளே ஸ்டோரிலிருந்து இறங்கிய கேமும், சில பெரிய கேம்கள் `obb` என்ற தனி ஃபோல்டரில் வைத்துக்கொள்ளும் கூடுதல் கோப்பும்தான். நேற்று இன்ஸ்டால் செய்து இன்னும் ஒருமுறைகூடத் திறக்காத கேம் எப்படியிருக்குமோ அப்படி ஆகிவிடும். யாராவது போனை வாங்கி என்ன செய்தார் என்று தெரியாவிட்டால் இதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்: கேம் திறந்ததும் மைக் அனுமதி கேட்கிறதா, விதிமுறைகளை ஏற்கச் சொல்கிறதா, விரல் படம் காட்டி இங்கே தொடு என்று பாடம் நடத்துகிறதா? அப்படியானால் போயிருப்பது டேட்டா.

அப்படியென்றால் டேட்டாவை அழித்த எல்லோருக்கும் விளையாடியது எல்லாம் போய்விட வேண்டுமே. போவதில்லை. ஒருவர் "நான் எத்தனையோ முறை செய்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்கிறார். இன்னொருவர் இரண்டு வருட உழைப்பை இழந்து நிற்கிறார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. பட்டன் இருவருக்கும் ஒரே வேலையைத்தான் செய்தது. கேமின் சேமிப்பு எங்கே குடியிருந்தது என்பதில்தான் வேறுபாடு.

கிளாஷ் ஆஃப் கிளான்ஸை எடுத்துக்கொள்வோம். பின்லாந்தின் சூப்பர்செல் நிறுவனம் 2012இல் வெளியிட்ட கேம் அது. அதில் நீங்கள் கட்டும் கிராமம் உங்கள் போனில் இல்லை. நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. நீங்கள் தூங்கும்போது வேறு நாட்டுக்காரர் ஒருவர் உங்கள் கிராமத்தைத் தாக்க முடிவது அதனால்தான். உங்கள் போனில் இருப்பது அந்தக் கிராமத்துக்குள் போவதற்கான அடையாளம் மட்டும். சூப்பர்செல் ஐடியில் மின்னஞ்சல் கொடுத்துப் பதிந்து வைத்திருந்தால், டேட்டாவை அழித்தபின் அதே மின்னஞ்சலைக் கொடுத்து, அதற்கு வரும் எண்ணைத் தட்டினால் கிராமம் அப்படியே வந்து நிற்கும்.

ஆனால் இதே கேமை எந்த ஐடியோடும் இணைக்காமல் ஆடுகிறவர்கள் உண்டு. குறிப்பாகப் பிள்ளைகள். இன்ஸ்டால் செய்தவுடன் கேம் விளையாட விட்டுவிடுகிறது. பதிவு செய் என்று கேட்கும்போது பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பல ஆன்லைன் கேம்கள் இப்படி வருகிறவருக்கு கெஸ்ட் அக்கவுன்ட் என்ற பெயரில் ஒரு ரகசிய எண்ணைப் போட்டு, அதை அந்தப் போனின் ஃபோல்டரில் எழுதிவைக்கின்றன. டேட்டாவை அழித்தால் அந்த எண்ணும் போகும். அடுத்த முறை திறக்கும்போது சர்வர் உங்களைப் புது ஆளாகப் பார்த்துப் புது எண் தரும். பழைய சேமிப்பு சர்வரில் பத்திரமாகவே இருக்கும், உங்களால் உள்ளே போகத்தான் முடியாது. நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதி, அது உங்களுடையதுதான் என்று நிரூபித்தால் திரும்பக் கிடைக்க வழியுண்டு. அதற்கு உங்கள் ஆட்டக்காரர் எண் தெரிந்திருக்க வேண்டும், காசு கொடுத்து எதாவது வாங்கியிருந்தால் கூகுள் அனுப்பிய ரசீது இருக்க வேண்டும். இரண்டும் இல்லாதவருக்கு வழக்கு நிற்காது.

இதற்கு நேர் எதிர்முனையில் இருப்பது மைன்கிராஃப்ட். அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனென்றால் அதிகமான கண்ணீர் இங்கேதான் சிந்தப்படுகிறது.

போனில் ஓடும் மைன்கிராஃப்டில் ஒரு பிள்ளை மாதக்கணக்கில் ஓர் உலகத்தைக் கட்டுகிறது. வீடு, சுரங்கம், ரயில் பாதை, ஆட்டுப்பட்டி. கேமில் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் லாகின் செய்தும் இருக்கிறது. லாகின் இருப்பதால் எல்லாம் மேலே சர்வரில் இருக்கும் என்று அப்பா அம்மா நம்புகிறார்கள். நம்புவதற்குக் காரணமும் உண்டு: புது போனில் லாகின் செய்தால், காசு கொடுத்து வாங்கிய உடைகளும் உலகத் தொகுப்புகளும் வந்துவிடுகின்றன. வாங்கியவை அக்கவுன்ட்டோடு சேர்ந்தவை. பிள்ளை தானாகக் கட்டிய உலகம் மட்டும் அக்கவுன்ட்டில் இல்லை. அது அந்தப் போனுக்குள், ஒரு ஃபோல்டரில் கிடக்கிறது:

```
Android/data/com.mojang.minecraftpe/files/games/com.mojang/minecraftWorlds
```

அதற்குள் ஒவ்வோர் உலகத்துக்கும் ஒரு ஃபோல்டர். அதில் உலகத்தின் பெயரைத் தாங்கிய `levelname.txt`, அடிப்படை விவரங்கள் அடங்கிய `level.dat`, வைத்த ஒவ்வொரு கல்லையும் நினைவில் வைத்திருக்கும் `db` என்ற உள் ஃபோல்டர். வேறெங்கும் நகல் கிடையாது. மாதக் கட்டணம் செலுத்தும் ரெல்ம்ஸ் சேவையில் அந்த உலகத்தை வைத்திருந்தால் மட்டும் அது சர்வரில் இருக்கும்.

கேம் ஒருநாள் திறக்க மறுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். `Clear cache` கொடுத்தால் இந்த ஃபோல்டரில் ஒரு கோப்பும் அசையாது. `Clear data` கொடுத்தால் முழுதாகப் போய்விடும். மறுபடி திறந்து லாகின் செய்தால் வாங்கிய உடைகள் வந்துவிடும், பிள்ளையின் பெயர் வந்துவிடும், சாதனைப் பட்டியல் வந்துவிடும். உலகங்களின் பட்டியல் மட்டும் காலியாக இருக்கும். எல்லாம் வந்துகொண்டிருக்கிறது, இதுவும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் என்று குடும்பமே காத்திருக்கும். வராது.

இங்கே ஒரு பழைய விவரத்தையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு வரை மைன்கிராஃப்டில் சேமிப்பிடத்தை `External` என்று மாற்றி வைத்தால், உலகங்கள் `Android/data`வுக்கு வெளியே, போனின் பொது இடத்தில் `games` என்ற ஃபோல்டரில் உட்காரும். அப்போது டேட்டாவை அழித்தாலும், ஏன், கேமையே அன்இன்ஸ்டால் செய்தாலும் அவை தப்பித்துவிடும். 2020இல் வந்த ஆண்ட்ராய்டு 11இலிருந்து, ஆப்கள் பொது இடத்தில் நினைத்தபடி எழுதுவதைக் கூகுள் கட்டுப்படுத்தியது. மைன்கிராஃப்டும் தன் கோப்புகளை `Android/data`வுக்குள் கொண்டுவந்தது. அந்த இடம் டேட்டா அழிப்பின் எல்லைக்குள் வருகிறது. "அழித்துப் பார்த்தேன், உலகம் அப்படியே இருந்தது" என்று அண்ணன் சொல்வது பொய்யில்லை. அவர் சொல்வது வேறு காலத்துக் கதை. இணையத்தில் கிடக்கும் பழைய யோசனைகளை நம்பும் முன் அவை எந்த ஆண்டில் எழுதப்பட்டவை என்று பார்ப்பது நல்லது.

மைன்கிராஃப்ட் உலகத்தைக் காப்பாற்றும் வழி எளிது. பிளே பட்டியலில் உலகத்தின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பென்சில் படத்தைத் தொட்டு, அமைப்புகளில் கீழே இறங்கினால் `Export World` என்ற பட்டன் இருக்கும். அதைத் தொட்டால் முழு உலகமும் `.mcworld` என்று முடியும் ஒரே கோப்பாகக் கிடைக்கும். அதைக் கூகுள் டிரைவிலோ கணினியிலோ போட்டு வைக்கலாம். பின்னால் அந்தக் கோப்பைத் தொட்டு மைன்கிராஃப்டில் திறந்தால் உலகம் திரும்பிவிடும். கேமே திறக்காத நிலையில் இந்தப் பட்டனை அடைய முடியாது என்பதுதான் சிக்கல். அப்போது போனைக் கேபிளில் கணினியோடு இணைத்து, மேலே சொன்ன ஃபோல்டரைத் தேடி, முழுதாக நகலெடுக்க முயல வேண்டும். பெரும்பாலான போன்களில் அது முடியும். நகல் கணினியில் வந்து சேர்ந்தபின் டேட்டாவை அழிக்கலாம், அதற்கு முன் கூடாது.

இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. சேமிப்பு போனில் இருக்கும், அதன் நகல் ஒன்று மேலே போகும். கூகுள் பிளே கேம்ஸ் இதற்கென்று ஒரு வசதியைக் கேம் செய்பவர்களுக்குத் தருகிறது. ஒரு சேமிப்புக்கு 3 எம்பி வரை இடம். கேமைச் செய்தவர் அந்த வசதியைப் பயன்படுத்தியிருந்தால்தான் நகல் உண்டு. பயன்படுத்தாதவர்கள் நிறைய பேர். இங்கே பலரும் ஏமாறுவது பிளே கேம்ஸின் சாதனைப் பதக்கங்களைப் பார்த்துத்தான். கேமில் பிளே கேம்ஸ் லாகின் இருக்கிறது, பதக்கங்கள் ஏறிக்கொண்டே இருக்கின்றன, ஆகவே லெவலும் மேலே ஏறியிருக்கும் என்று முடிவுகட்டுகிறார்கள். பதக்கங்களைப் பதிவது ஒரு சேவை, லெவலைச் சேமிப்பது இன்னொரு சேவை. முதலாவது மட்டும் இருக்கும் கேமில் டேட்டாவை அழித்தால், எல்லாப் பதக்கங்களோடும் முதல் லெவலில் நிற்பீர்கள்.

நகல் உண்மையிலேயே மேலே இருந்தாலும், கடைசியாக அது எப்போது போனது என்பதும் முக்கியம். ரயிலில் நெட் இல்லாமல் மூன்று மணி நேரம் ஆடியது, வீட்டுக்கு வந்து நெட்டில் ஒருமுறை கேமைத் திறக்கும்வரை போனில் மட்டும்தான் இருக்கும். அதற்குள் டேட்டாவை அழித்தால் அந்த மூன்று மணி நேரம் போகும்.

இன்னோர் ஆபத்து, அழித்ததற்குப் பிறகு வருகிறது. கேமை மறுபடி திறந்து லாகின் செய்கிறீர்கள். போனில் இப்போது முதல் லெவல் இருக்கிறது, மேலே முந்நூறாவது லெவல் இருக்கிறது. எதை வைத்துக்கொள்வது என்று கேம் கேட்கிறது. சில கேம்கள் இரண்டு பெட்டிகளில் லெவலையும் தேதியையும் தெளிவாகக் காட்டும். சில கேம்கள் ஒரு வரி ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளும். தேதி புதிதாக இருப்பதுதான் சரியானது என்று எண்ணிப் போனில் இருப்பதைத் தேர்ந்தெடுத்தால், முதல் லெவல் மேலே போய் முந்நூறாவது லெவலின் மீது உட்கார்ந்துவிடும். டேட்டா அழிப்பில் தப்பித்த சேமிப்பு இப்படிச் சொந்தக் கையாலேயே அழிகிறது. கேள்வி வரும்போது தேதியைப் பார்க்காமல் லெவலைப் பார்க்க வேண்டும்.

காசு கொடுத்து வாங்கியவை என்ன ஆகும் என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. விளம்பரம் வராமலிருக்க ஒருமுறை கட்டும் தொகை போன்றவற்றைக் கூகுள் உங்கள் அக்கவுன்ட்டில் நிரந்தரமாகக் குறித்து வைத்திருக்கும். கேமுக்குள் வாங்கியதை மீட்கும் பட்டனைத் தொட்டால், அல்லது தானாகவே, திரும்ப வரும். காசுப்பை, வைரம், கூடுதல் உயிர் போன்று செலவழிந்துபோகும் வகை வேறு. அவற்றை உங்கள் கையில் கொடுத்த கணத்திலேயே கூகுளின் கணக்கு முடிந்துவிடுகிறது. மிச்சம் எத்தனை என்று கணக்கு வைத்துக்கொள்வது கேமின் பொறுப்பு. அந்தக் கணக்கு போனில் மட்டும் இருந்தால், டேட்டாவோடு வாங்கிய வைரமும் போகும்.

இவ்வளவு சேதம் விளைவிக்கும் பட்டனை ஏன் வைத்திருக்கிறார்கள் என்று கேட்கலாம். தேவை இருக்கிறது. சேமிப்புக் கோப்பே கெட்டுப்போய்க் கேம் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் விழுந்தால், பாதியில் நின்ற அப்டேட்டின் துண்டுகள் `files` அறையில் சிக்கியிருந்தால், போனை வேறொருவருக்குத் தருவதால் லாகினை முழுதாகத் துடைக்க வேண்டியிருந்தால், கேஷை அழிப்பது போதாது. ஆனால் அது கடைசி மருந்து. முதலில் கேமை நிறுத்திப் போனை ஒருமுறை அணைத்துப் போடுவது, பிளே ஸ்டோரில் அப்டேட் இருக்கிறதா என்று பார்ப்பது, பிறகு கேஷ் அழிப்பது. படம் கறுப்பாக வருவது, விளம்பரம் முடியாமல் தொங்குவது, பழைய பேனரே திரும்பத் திரும்பத் தெரிவது போன்றவை பெரும்பாலும் கேஷோடு போய்விடும். கேஷை அழித்தும் கேம் அதே நொடியில், அதே இடத்தில் நின்றால், கோளாறு கேஷில் இல்லை. அதை இன்னும் பத்து முறை அழிப்பதால் பயனில்லை. பப்ஜி வகைப் பெரிய கேம்கள் சிலவற்றில் லாகின் பக்கத்திலேயே `Repair` என்ற பட்டன் இருக்கும். கெட்ட கோப்புகளை மட்டும் தேடி மாற்றும் வேலையைச் செய்வதால், டேட்டாவைத் தொடும் முன் அதைத்தான் முயல வேண்டும்.

இடம் போதவில்லை என்பதற்காக அழிப்பவர்கள் அந்தப் பக்கத்தில் இருக்கும் எண்களைப் படிக்க வேண்டும். ஆப் 900 எம்பி, டேட்டா 1.6 ஜிபி, கேஷ் 85 எம்பி என்று காட்டுவதாக வைத்துக்கொள்வோம். கேஷை அழித்தால் 85 எம்பி கிடைக்கும், இரண்டு நாள் ஆடினால் அதில் பெரும்பகுதி மறுபடி நிரம்பிவிடும். டேட்டாவை அழித்தால் 1.6 ஜிபி கிடைக்கும். ஆனால் அதில் மிகப் பெரும்பகுதி கேம் தனியாக இறக்கிக்கொண்ட மேப்புகளும் குரல்களும்தான். திறந்தவுடன் அவற்றை மறுபடி இறக்கச் சொல்லும். நாளுக்கு ஒன்றரை ஜிபி திட்டத்தில் இருப்பவருக்கு அன்றைய நெட் முழுவதும் அதிலேயே தீரும். விளையாடிச் சேர்த்தது அந்த 1.6 ஜிபியில் சில நூறு கேபிதான் இருக்கும். அந்தச் சிறு கோப்பை விட்டுவிட்டு மற்றதை அழிக்கும் வசதி அந்தப் பட்டனுக்குக் கிடையாது.

ஐபோன்காரர்களுக்கு இந்த இரண்டு பட்டன்களும் இல்லை. 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் `Offload App` என்று ஒன்று இருக்கிறது. அது கேமை எடுத்துவிட்டுச் சேமிப்பை விட்டுவைக்கும், மறுபடி இறக்கினால் விட்ட இடத்தில் தொடரலாம். `Delete App` இரண்டையும் அழிக்கும்.

டேட்டாவை அழித்தே ஆக வேண்டும் என்ற நிலையில் செய்யக்கூடிய நம்பகமான சோதனை ஒன்று உண்டு. கேம் ஓடும் நிலையில் இருக்கும்போதே, வீட்டில் இருக்கும் இன்னொரு போனில் அதே கேமை இன்ஸ்டால் செய்து, அதே அக்கவுன்ட்டில் லாகின் செய்யுங்கள். உங்கள் லெவல் அங்கே வந்து நின்றால் சேமிப்பு சர்வரில் இருக்கிறது. முதல் போனில் தைரியமாக அழிக்கலாம். புது ஆட்டம் தொடங்கினால் அழிக்கக் கூடாது. லாகின் செய்வதற்கு வழியே காணோம் என்றால், அந்தக் கேமில் எல்லாமே போனில்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

ஏற்கெனவே அழித்துவிட்டவர்களுக்கும் ஒரு வாய்ப்பு மிச்சம் இருக்கலாம். ஆண்ட்ராய்டு 6 முதல், போனில் பேக்கப் இயக்கப்பட்டிருந்தால், ஒவ்வோர் ஆப்பின் டேட்டாவையும் 25 எம்பி வரை கூகுள் அக்கவுன்ட்டில் நகலெடுத்து வைக்கும் ஏற்பாடு இருக்கிறது. கேமைச் செய்தவர் அதை மறுக்காமல் இருந்திருக்க வேண்டும். நகலெடுக்க வேண்டிய கோப்புகள் 25 எம்பியைத் தாண்டினால் அது நடக்காது. ஆகவே மேப், குரல் என்று நிறைய இறக்கும் பெரிய கேம்களைவிடச் சின்னப் புதிர் கேம்களுக்கே இது அதிகம் கைகொடுக்கும். இந்த நகல் டேட்டா அழித்தபின் கேமைத் திறப்பதால் திரும்பாது. கேமை இன்ஸ்டால் செய்யும் வேளையில்தான் அது இறங்கும். அதோடு, கூகுள் கடைசி நகலை மட்டுமே வைத்திருக்கிறது. போன் சும்மா இருக்கும்போது, வைஃபையில், ஏறத்தாழ நாளுக்கு ஒருமுறை புது நகல் எடுக்கப்படும். முதல் லெவலில் இருக்கும் புது ஆட்டம் அப்போது பழைய நகலின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

எனவே அழித்துவிட்டோம் என்று தெரிந்த உடனே விளையாடுவதை நிறுத்துங்கள். மறுபடி சேர்த்துவிடலாம் என்று ஆட உட்காராதீர்கள், இரவு வரை காத்திருக்காதீர்கள். அன்றே கேமை அன்இன்ஸ்டால் செய்து, அதே கூகுள் அக்கவுன்ட்டோடு பிளே ஸ்டோரிலிருந்து மறுபடி இறக்கித் திறந்து பாருங்கள். அதிலும் வரவில்லை என்றால், ஆன்லைன் கேமாக இருக்கும் பட்சத்தில் ஆட்டக்காரர் எண்ணையும் ரசீதையும் தேடி எடுத்து உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள். போனில் மட்டுமே இருந்த சேமிப்பாக இருந்தால், அதைத் திருப்பித் தர அந்த நிறுவனத்திடமும் எதுவும் இல்லை.